168 ரூபாய் அட்டையும் 13 ரூபாய் தகராறும்

இன்று மருத்துவம் இல்லை. ஒரு கணக்கு.

நான் தப்பாகப் போட்ட கணக்கு. அதனால் ஒரு மனிதரின் நாணயம் கடைத்தெருவில் வைத்துக் கேள்விக்குள்ளானது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். மாதாமாதம் மருந்துக்கடைக்குப் போகும் வீடு எது என்றாலும் இது உதவும்.

2025 செப்டம்பர் 22 அன்று மருந்துகளுக்கான ஜிஎஸ்டி மாறியது நினைவிருக்கும். அதுவரை பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதம். அன்றிலிருந்து 5 சதவீதம். சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை என்றாகிவிட்டது.

அக்டோபரில் ஒரு காலை ஓ.பி. வழக்கமான கூட்டம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். அம்மாவுக்கு வேறு இடத்தில் ஆரம்பித்த ஒரு மாத்திரை. எங்கள் மருந்தகத்தில் கிடையாது, வெளியேதான் வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு. மாதத்துக்கு 6 அட்டை.

அட்டையில் அச்சடித்த விலை 168 ரூபாய். "அனைத்து வரிகளும் உட்பட" என்று போட்டிருக்கும் அந்த விலை. கடைக்காரர் பழைய அட்டையைத்தான் கொடுத்திருந்தார், ஆனால் அட்டைக்கு 157.50 வீதம் பில் போட்டிருந்தார். மொத்தம் 945 ரூபாய்.

"சார், 12ல இருந்து 5 ஆச்சுன்னா 7 சதவீதம் குறையணும்ல? 168க்கு 7 சதவீதம் 11 ரூபா 76 காசு. அப்ப 156.24 தான வரணும்? இவரு 157.50 போட்டுருக்காரு" என்றார் அந்த மகன்.

எனக்கு உடனே தோன்றியது, "7 சதவீதம் இல்லண்ணே, அப்படிக் கழிக்கக் கூடாது. முதல்ல பழைய வரியை எடுத்துட்டு, அப்புறம் புது வரியைச் சேர்க்கணும்."

இதுவரை நான் சொன்னது சரி. அடுத்து செய்ததுதான் தப்பு.

போனை எடுத்தேன். 168ல் 12 சதவீதம் கழித்தேன். 147.84 வந்தது. அதோடு 5 சதவீதம் சேர்த்தேன். 155.23 வந்தது.

கணக்கு சரியா என்று சோதிக்கவும் செய்தேன். கழித்த வரி 20.16. மீதி 147.84. இரண்டையும் கூட்டினால் 168. டாண் என்று வந்தது. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் "155.23 x 6 = 931.38" என்று எழுதிக் கொடுத்தேன். "கூடுதலா 13 ரூபா 62 காசு வாங்கியிருக்காங்க. கடையில காட்டிக் கேளுங்க" என்றேன். கையெழுத்து வேறு போட்டிருந்தேன்.

அவர் கேட்டார். டாக்டரே எழுதிக் கொடுத்த தைரியத்தில் கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருக்கிறார். சாயங்கால நேரம், கடையில் ஆட்கள். "வரி குறைஞ்சதையும் முழுங்குறீங்களா" என்ற அளவுக்குப் பேச்சு போயிருக்கிறது.

மறுநாள் ஓ.பி. முடியும் நேரத்தில் அந்தக் கடைக்கார அண்ணாச்சி வந்தார். அறுபதைத் தாண்டியவர். கையில் என் சீட்டு.

கோபமாகப் பேசவில்லை. "சார், நீங்க எழுதின இந்த 147.84க்கு பழைய வரி 12 சதவீதம் போட்டுப் பாருங்க. 168 வருதா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டேன். 165.58 வந்தது.

இன்னொரு முறை போட்டேன். அதே 165.58.

அட்டையில் 168 என்று இருக்கிறது. என் "அசல் விலை"யில் ஆரம்பித்தால் 168க்குப் போய்ச் சேரவே முடியவில்லை. 2 ரூபாய் 42 காசு துண்டு விழுகிறது. அப்படியென்றால் அசல் விலை என்று நான் சொன்னது அசல் விலையே இல்லை.

எங்கே தப்பு?

எங்கள் துறை உதாரணத்தில் சொல்கிறேன். 100 கிலோ இருந்தவர் 12 சதவீதம் எடை கூடினார். இப்போது 112 கிலோ. பழைய எடைக்குத் திரும்ப அவர் எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்? 12 என்றுதான் வாயில் வரும். ஆனால் 112ல் 12 சதவீதம் என்பது 13.44 கிலோ. அதைக் குறைத்தால் 98.56க்குப் போய்விடுவார். குறைக்க வேண்டியது 12 கிலோதான். 112ல் அது 10.71 சதவீதம்.

கூடும்போது சதவீதம் 100 மீது. குறையும்போது அது 112 மீது. சதவீதம் என்ற சொல் ஒன்றுதான், அது எதன் மீது நிற்கிறது என்பது மாறிவிட்டது.

வரியும் அப்படியே. ஜிஎஸ்டி போடுவது வரி சேராத விலையின் மீது. வரி சேர்ந்த மொத்தத்தின் மீது அல்ல. 168 என்பது ஏற்கெனவே 112 பங்கு. அதில் 100 பங்கு விலை, 12 பங்கு வரி. ஆகவே கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும்.

168 ÷ 1.12 = 150

அசல் விலை 150. பழைய வரி 18. புது வரி 5 சதவீதம் என்றால் 7.50. ஆக, புது விலை 157.50.

அண்ணாச்சி வாங்கியது அதே 157.50.

(இங்கே அசல் விலை என்றால் சில்லறை விலையிலிருந்து வரியை மட்டும் எடுத்தது. கடைக்காரர் வாங்கிய விலையோ, கம்பெனிக்கு ஆகும் செலவோ அல்ல. அந்தக் கணக்கு வேறு.)

அந்த மகன் கேட்ட 7 சதவீதத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. குறைந்தது 10 ரூபாய் 50 காசு. 150ல் அது 7 சதவீதம். 168ல் அது 6.25 சதவீதம். "மருந்து விலை 7 சதவீதம் குறைகிறது" என்று யாராவது சொன்னால், அட்டையில் உள்ள விலையில் 6.25தான் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தப்பு புரிந்துவிட்டது. ஆனால் எனக்கு உறுத்தியது வேறொன்று. நான்தான் சோதித்துப் பார்த்தேனே? 147.84ஐயும் 20.16ஐயும் கூட்டினால் 168 வந்ததே?

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அது சோதனையே இல்லை.

168ல் இருந்து 20.16 எடுத்தேன். மறுபடி அதே 20.16ஐ வைத்தேன். 168 வராமல் என்ன செய்யும்? 20.16க்குப் பதிலாக 50 எடுத்திருந்தாலும் திரும்ப வைத்தால் 168தான். எடுத்ததைத் திருப்பி வைத்தால் எந்தத் தப்பும் வெளியே தெரியாது. ஒரே மெஷினில் இரண்டு முறை ரத்தஅழுத்தம் பார்த்துவிட்டு "இரண்டும் ஒத்துப்போகிறது, மெஷின் சரி" என்று சொல்வது போலத்தான் இது.

உண்மையான சோதனையில் கழித்த வரியைத் தொடவே கூடாது. கண்டுபிடித்த அசல் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அதன் மீது வரியைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். பிறகு கூட்ட வேண்டும். 150க்கு 12 சதவீதம் 18. 150ம் 18ம் 168. இது சோதனை. அண்ணாச்சி செய்யச் சொன்னது இதைத்தான்.

இன்னொரு வழியும் உண்டு. வரியை அசல் விலையால் வகுத்துப் பாருங்கள். 18 ÷ 150 என்றால் 0.12. சரியாக 12 சதவீதம். என் கணக்கில் 20.16 ÷ 147.84 என்று வகுத்தால் 13.64 சதவீதம் வரும். இந்த நாட்டில் அப்படி ஒரு ஜிஎஸ்டி வீதமே கிடையாது. அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

அண்ணாச்சி இன்னொன்றும் காட்டினார். அவர் போட்ட பில்லின் அடியில் சின்ன எழுத்தில் எல்லாமே இருந்தது. வரி சேராத மதிப்பு 900. மத்திய ஜிஎஸ்டி 2.5 சதவீதம், 22.50. மாநில ஜிஎஸ்டி 2.5 சதவீதம், 22.50. மொத்தம் 945. 900ஐ 6 அட்டையால் வகுத்தால் 150.

பிறகு கடையிலிருந்து எடுத்து வந்த ஆகஸ்ட் மாத பில் நகலை வைத்தார். அதே அம்மா, அதே 6 அட்டை. வரி சேராத மதிப்பு 900. இரண்டு வரியும் 6 சதவீதம், தலா 54. மொத்தம் 1,008.

இரண்டு பில்லிலும் 900 அசையவில்லை. வரி மட்டும் 108ல் இருந்து 45 ஆகியிருக்கிறது. வரிக் குறைப்பு முழுதாக வாடிக்கையாளரிடம் வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி இல்லை. உங்கள் வீட்டிலும் பழைய பில் இருந்தால் ஒரே மருந்துக்கு இந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். வரி குறைந்த பிறகு அந்த எண் ஏறியிருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

அட்டையில் பழைய விலை அச்சாகியிருப்பதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்ட மருந்துகளைத் திரும்பப் பெற்று ஸ்டிக்கர் ஒட்டுவது கட்டாயமில்லை, கடையில் புது விலைக்கு விற்பதை கம்பெனி உறுதி செய்தால் போதும் என்றுதான் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் சொல்லியிருந்தது. அட்டையில் 168, பில்லில் 157.50 என்பது சரி. பில்லிலும் 168 என்றால்தான் கேள்வி.

இப்போது இந்தச் சோதனை எங்கே காலை வாரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காசு. வகுத்தால் எப்போதும் 150 மாதிரி அழகான எண் வராது. 18 சதவீத வரி சேர்ந்து 100 ரூபாய் உள்ள ஒரு பொருளை எடுங்கள். 100 ÷ 1.18 என்றால் 84.7457 என்று ஓடும். 84.75 என்று வைத்துக்கொள்வோம். மத்திய வரி 9 சதவீதம் 7.63, மாநில வரி 7.63. கூட்டினால் 100.01.

ஒரு காசு கூடுகிறது. முறை தப்பா? இல்லை. மூன்று இடத்தில் முழுமையாக்கினோம், அதன் மிச்சம் அது. ஒரு பொருளுக்கு இப்படி ஒரு காசு இப்படியோ அப்படியோ போகலாம். அதற்கு மேல் போனால் அது முழுமையாக்கல் அல்ல, வேறு ஏதோ.

எப்படிப் பிரித்து அறிவது? அளவைக் கூட்டிப் பாருங்கள். முழுமையாக்கல் பிழை விலையோடு வளராது. 100 ரூபாய் பொருளுக்கும் ஒரு காசு, 10,000 ரூபாய் பொருளுக்கும் ஒரு காசு. முறைப் பிழை விலையோடு சேர்ந்து வளரும். 12 சதவீதத்தைக் கழிக்கிற என் தப்பில், திரும்பக் கணக்கிட்டால் மொத்தத்தில் 1.44 சதவீதம் எப்போதும் துண்டு விழும். 12ஐ 12ஆல் பெருக்கிய 144தான் அது. 168க்கு 2.42. 1,680 என்றால் 24.19.

இதே தப்பை 5 சதவீதத்தில் செய்தால் துண்டு 0.25 சதவீதம்தான். 157.50 ரூபாய் அட்டைக்கு 39 காசு. யாருக்கும் கண்ணில் படாது. "ரவுண்ட் ஆஃப்ல போயிருக்கும்" என்று விட்டுவிடுவோம். பில்லின் மொத்தத்தை முழு ரூபாயாக்கும் வரியில் 50 காசு வரை போகலாம் என்பதால் அதற்குள்ளேயே இது ஒளிந்துகொள்ளும். வரி குறைந்ததில் தப்பும் சின்னதாகிவிட்டது, ஆனால் போகவில்லை. ஆகவே சோதிக்கும்போது ரவுண்ட் ஆஃப் செய்வதற்கு முந்தைய மொத்தத்தை எடுங்கள். 39 காசு என்பது ஒரு காசு அல்ல.

இரண்டாவது, இதைவிட முக்கியம். இந்தச் சோதனை உங்கள் வகுத்தலைத்தான் சோதிக்கும். நீங்கள் எடுத்துக்கொண்ட வரி வீதம் சரியா என்று அதற்குத் தெரியாது.

ஒரு பில்லில் 5 சதவீத மருந்து 210 ரூபாய்க்கு, 18 சதவீத வரியுள்ள வேறொரு பொருள் 118 ரூபாய்க்கு என்று வையுங்கள். மொத்தம் 328. மருந்துக்கடை பில்தானே என்று மொத்தத்தையும் 1.05ஆல் வகுத்தால் 312.38. திரும்ப 5 சதவீதம் சேர்த்தால் 328.00. சோதனை பாஸ்!

ஆனால் விடை தப்பு. உண்மையில் 210ல் அசல் 200, 118ல் அசல் 100. ஆக 300தான். வரி 28 ரூபாய், நாம் 15.62 என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே பல வீதங்கள் கலந்த பில்லில் மொத்தத்தை வகுக்காதீர்கள். பொருள் பொருளாக வகுத்து, கடைசியில் அசல் விலைகளைக் கூட்டுங்கள். வீதத்தை ஊகிக்காமல் பில்லில் இருந்தே எடுங்கள். இரண்டு வரியும் தலா 2.5 என்றால் 5. தலா 9 என்றால் 18. சில மருந்துகளுக்கு செப்டம்பருக்கு முன்பே 5 சதவீதம்தான் இருந்தது. அதைத் தெரியாமல் 1.12ஆல் வகுத்தால், சோதனையும் தேறும், கடைக்காரர் மீது பழியும் விழும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. தப்பு என் மேல" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன சார்? நேத்து கடையில நின்னவங்க எல்லாம் நான் ஏமாத்துறேன்னு நினைச்சுட்டுப் போயிட்டாங்க. முப்பது வருசக் கடை" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 13 ரூபாய் 62 காசு. அதற்குத்தான் இவ்வளவும்.

அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டி வந்த அந்த மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் நிறையப் பேசிட்டேன் சார்" என்றார். அன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனோம். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனோம். அவர் பேசுமுன் நானே சத்தமாகச் சொன்னேன், "அண்ணாச்சி போட்ட பில் சரி. நான் எழுதிக் கொடுத்ததுதான் தப்பு." முதல் நாள் நின்றவர்கள் எத்தனை பேர் அன்று இருந்தார்கள் என்று தெரியாது. இருந்தவர்கள் கேட்டார்கள்.

அண்ணாச்சி அந்தப் பழைய சீட்டைக் கல்லாவிலிருந்து எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டி, "கையெழுத்துப் போட்டுருக்கீங்கல்ல சார், சரியான கணக்கையும் கீழ எழுதிருங்க" என்றார்.

எழுதினேன்.

168 ÷ 1.12 = 150
150 x 1.05 = 157.50
157.50 x 6 = 945

கீழே மறுபடி கையெழுத்து.

அந்தச் சீட்டு இன்னும் அவர் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. யாராவது வரிக் குறைப்பு பற்றிக் கேட்டால் அதைத்தான் காட்டுகிறாராம்.

உங்கள் பில்லில் ஏதாவது இடித்தால் கட்டாயம் கேளுங்கள். கேட்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடித்த அசல் விலை மீது வரியை ஒருமுறை புதிதாகப் போட்டு, அட்டையில் உள்ள விலை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் கையெழுத்துப் போட்டேன்.